எண்ணெய்க்கு ஒரு வழி, சென்ட்டுக்கு வேறு வழி: ஒரே பட்டுப்புடவையில் இரண்டு கறை

வாசகியின் கடிதம்: "கிளிப்பச்சை உடல், அரக்கு கோர்வை பார்டர், ஜரிகை போட்ட காஞ்சிபுரம் பட்டு. பத்து நாள் முன்பு ஒரு வளைகாப்புக்குக் கட்டினேன். குத்துவிளக்குக்கு எண்ணெய் ஊற்றும்போது கொசுவத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு நல்லெண்ணெய் பட்டுவிட்டது. புடவை கட்டிய பிறகு அவசரத்தில் சென்ட் அடித்ததில் இடது தோளில் ஒரு வட்டம். ஈரத்துணியால் துடைத்தேன், வட்டம் பெரிதானதுதான் மிச்சம். 'டிரை கிளீனிங் கொடுத்தால் ஜரிகை கறுத்துவிடும், உப்புத் தண்ணீரில் அலசினால் போதும்' என்கிறார் மாமியார். எண்ணெய் பட்ட இடத்தில் பவுடர் போட்டு, பேப்பர் வைத்து அயர்ன் பண்ணச் சொல்கிறாள் தோழி. எதைக் கேட்பது? ஆபீஸுக்குக் கட்டும் ஒரே நிற சாஃப்ட் சில்க் புடவைகளையாவது வீட்டில் துவைக்கலாமா?"
– பெயர் வேண்டாம்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்று: கறை போகும்வரை அந்தப் புடவையின் பக்கம் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுபோகாதீர்கள். தோழி சொன்ன பேப்பர் வைத்தியம் மெழுகுவர்த்தி மெழுகு சொட்டினால் செய்வது. மெழுகு சூட்டில் உருகி பேப்பரில் ஏறும், ஆறினால் இறுகும். எண்ணெய் அப்படியில்லை. சூடு பட்டதும் தண்ணீராக இளகி, கொஞ்சம் பேப்பருக்குப் போகும். மீதி நூலோடு நூலாக ஓடி அக்கம்பக்கத்தில் பரவும். அதோடு, நல்லெண்ணெய் காற்று பட்டால் நாளாக நாளாகத் தடித்து மஞ்சளாகும் வகை. மாதக்கணக்கில் நடக்கவேண்டிய அந்த மாற்றத்தைச் சூடு சீக்கிரமே நடத்திவிடும். அப்படி இறுகிய எண்ணெய், டிரை கிளீனிங் கடைக்காரரின் கரைப்பானுக்கும் லேசில் அசையாது. பத்து நாள் ஆன கறையை எடுக்க இன்னும் வழி இருக்கிறது. அயர்ன் செய்த கறைக்கு அந்த நம்பிக்கையைத் தர முடியாது.

'வீட்டிலா, டிரை கிளீனிங்கா' என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன் கேட்கவேண்டியது, 'இந்தக் கறை எதில் கரையும்?' என்பது. எண்ணெய், நெய், லிப்ஸ்டிக் போன்றவை டிரை கிளீனிங் கரைப்பானில் கரையும். வியர்வை, பழரசம், சர்க்கரை இவை தண்ணீரில்தான் கரையும். சென்ட் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதிலுள்ள வாசனை எண்ணெய்களைக் கரைப்பான் எடுக்கும். ஆனால் அதன் ஆல்கஹால் இழுத்துக்கொண்டுபோய் ஓரத்தில் விட்ட சாயமும் புடவைப் பசையும் தண்ணீர்ப் பக்கத்து வேலை. டிரை கிளீனிங் என்றால் துணி நனையாது என்று பலர் நினைக்கிறார்கள். துணி நன்றாகவே நனையும், தண்ணீரில் இல்லை, அவ்வளவுதான். பெர்க் எனப்படும் பெர்க்ளோரோஎத்திலீனிலோ பெட்ரோலிய வகைக் கரைப்பானிலோ மெஷினில் சுழலும். நம் ஊரில் பெட்ரோல் வாஷ் என்று சொல்வது இந்த இரண்டாவது வகையைத்தான். தண்ணீர் இல்லாததால் பட்டு இழை ஊறி உப்புவதில்லை, பெரும்பாலான சாயங்கள் ஓடுவதும் இல்லை. அதே காரணத்தால், தண்ணீரில் கரையும் கறை அங்கே அப்படியே நின்றுவிடும்.

உங்கள் புடவையில் இரண்டு ஜாதிக் கறையும் இருக்கிறது. அதனால் ஒரே வைத்தியம் போதாது.

தோளில் இருக்கும் வட்டத்தை முதலில் படியுங்கள்

ஈரத்துணியால் துடைத்ததும் வட்டம் ஏன் பெரிதானது? பட்டில் ஓரிடம் மட்டும் நனைந்தால், தண்ணீர் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகரும். போகும் வழியில் துணிமேல் ஏற்றியிருக்கும் பசையையும், ஒட்டாமல் நிற்கும் சாயத்தையும் தூக்கிக்கொண்டுபோகும். ஈரம் எங்கே காய்கிறதோ அங்கே இறக்கிவைக்கும். அந்த எல்லைக்கோடுதான் நீங்கள் பார்ப்பது. சென்ட் செய்ததும் இதையேதான். அதில் பெரும்பகுதி ஆல்கஹால். பட்டுக்குப் போடும் சாயங்களில் பலவற்றை அது தண்ணீரைவிட வேகமாக இளக்கும். பட்டில் ஒரு இடத்தை மட்டும் நனைக்கும் எந்த வைத்தியமும், ஷாம்புவோ சோடாவோ எலுமிச்சையோ, பழைய கறையோடு ஒரு புது வட்டத்தையும் சேர்த்துக் கொடுக்கும். எலுமிச்சையும் வினிகரும் ஜரிகையில் பட்டால் அங்கே வேறு சேதம். அதனால் இனி தோளில் எதையும் தடவாதீர்கள்.

பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் புடவையை விரித்து அந்த இடத்தை மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். கோடு மட்டும் தெரிந்து, உள்ளே நிறம் மற்ற இடத்தைப் போலவே இருந்தால், பசையும் கொஞ்சம் சாயமும் நகர்ந்திருக்கிறது, அவ்வளவே. நல்ல கைக்காரர் அதைக் கலைத்துவிடுவார். உள்பக்கம் லேசாக மஞ்சளித்து, தொட்டால் விறைப்பாக இருந்தால், சென்ட்டின் எண்ணெயும் வியர்வையும் அங்கேயே தங்கியிருக்கின்றன. இதற்கும் வழி உண்டு, ஆனால் சீக்கிரம் செய்யவேண்டும். உள்ளே பச்சை வெளிறி, சுற்றிலும் அடர்ந்திருந்தால் சாயமே இடம்பெயர்ந்துவிட்டது. போன சாயத்தை எந்தச் சலவையும் திருப்பிக் கொண்டுவராது.

நான்காவதாக ஒன்றையும் பார்த்துவிடுங்கள். ஒரு கோணத்தில் வெள்ளைத் தூசு பூசினாற்போலத் தெரிந்து, இன்னொரு கோணத்தில் மறைகிறதா? அப்படியானால் அது கறை இல்லை, தேய்ப்பு. பட்டு நனைந்திருக்கும்போது வலு குறையும். அந்த நேரத்தில் தேய்த்தால் இழையின் மேற்பரப்பு நுண்ணிய நார்களாகப் பிரிந்து நிற்கும். வெளிச்சம் அதில் சிதறுவதால் வெளுத்தாற்போலத் தெரியும். 'கறை போகவில்லை' என்று நினைத்து இன்னும் தேய்க்கிறோமே, அங்கேதான் பல நல்ல புடவைகள் வீணாகின்றன.

கொசுவத்து எண்ணெய்: வீட்டில் செய்யக்கூடியது இவ்வளவுதான்

கடைக்குக் கொடுப்பதற்கு முன் எண்ணெயின் ஒரு பகுதியை வீட்டிலேயே பாதுகாப்பாக உறிஞ்சி எடுக்கலாம். தண்ணீர் கூடாது. வாசனையோ நிறமோ இல்லாத டால்கம் பவுடர் நல்லது. அது கிடைக்காவிட்டால் சோளமாவு. ஆனால் மாவு மடிப்புக்குள் தங்கினால் பூச்சி வரும், அதனால் கடைசியில் முழுக்க எடுத்துவிட வேண்டும்.

மேசைமேல் ஒரு வெள்ளைப் பருத்தித் துண்டை விரித்து, கறை உள்ள பகுதியை ஒற்றை மடிப்பாக அதன்மேல் வையுங்கள். கறையைவிட ஒரு விரல் அகலம் தாராளமாக, சுமார் 2 மி.மீ. கனத்துக்குப் பவுடரைப் பரப்புங்கள். அழுத்தவோ தேய்க்கவோ வேண்டாம். இரவு முழுக்க அப்படியே இருக்கட்டும். காலையில் புடவையைக் கவிழ்த்து பின்பக்கமிருந்து விரலால் தட்டினால் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். மீதியைக் குழந்தைகளின் மென்மையான பல் பிரஷ்ஷால் நூல் ஓடும் திசையில் ஒற்றி எடுங்கள். எடுத்த பவுடரைப் பாருங்கள். கட்டி கட்டியாக, கொஞ்சம் நிறம் மங்கி வந்தால் எண்ணெய் ஏறுகிறது, மறுபடி போடலாம். போட்டபடியே வெள்ளையாக, உலர்ந்து வந்தால் பவுடரின் வேலை முடிந்தது. பத்து நாள் ஆன கறைக்கு இரண்டு மூன்று இரவு பார்க்கலாம். அதற்குமேல் பலன் இருக்காது.

பிறகு அந்த இடத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். எண்ணெய் பட்ட இடம், எண்ணெய்ப் பலகாரம் வைத்த பேப்பர் மாதிரி ஒளியை விடும். அந்தக் கண்ணாடித் தன்மை குறைந்திருக்கும், முற்றிலும் போயிருக்காது. மீதி கரைப்பானுடைய வேலை. வண்டிக்கு ஊற்றும் பெட்ரோலைப் பஞ்சில் தோய்த்து வீட்டில் துடைக்கும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு ஓடி, அடுத்த அறையில் எரியும் அடுப்பிலோ பூஜை விளக்கிலோ பற்றும். ஒரு எண்ணெய்ப் பொட்டுக்காக எடுக்கவேண்டிய ஆபத்து இல்லை இது.

உப்புத் தண்ணீரும் ஜரிகையும்

உங்கள் மாமியாரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. டிரை கிளீனிங் போய் வந்த ஜரிகை மங்கியதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். ஆனால் காரணம் வேறு. அசல் ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் போட்டது. முலாம் மிக மெல்லியது. அது தேய்ந்த இடத்தில் வெள்ளி வெளியே வந்து, காற்றிலுள்ள கந்தகத்தால் கறுக்கும். வியர்வையின் உப்பும், நேரடியாகப் படும் சென்ட்டும் இதற்குத் துணைபோகும். விலை குறைந்த ஜரிகையில் செம்புக் கம்பி இருக்கும், அது இன்னும் சீக்கிரம் கறுக்கும். சுத்தமான கரைப்பானுக்கு வெள்ளியைக் கறுக்கவைக்கும் குணம் இல்லை. வடிகட்டாமல் பல புடவைக்குப் போட்ட பழைய கரைப்பான் அழுக்கைத் திரும்பப் பூசி ஜரிகையையும் பட்டையும் மங்கவைக்கும். கடை எப்படிப்பட்டது என்பதுதான் இங்கே கேள்வி.

உப்புத் தண்ணீரோ, அவர் பயப்படும் அதே சேதத்தைச் செய்யக்கூடியது. உப்பில் உள்ள குளோரைடு வெள்ளிக்கும் செம்புக்கும் ஆகாது. வியர்வை பட்ட கைக்குழியில் பட்டு இற்றுப்போவதற்கும் அந்த உப்பு ஒரு காரணம். சாயம் போகாமல் நிற்கும் என்பதற்காக உப்புப் போடுகிறார்கள். ஏற்கெனவே சாயமேற்றி முடித்த பட்டில் உப்பு எந்தச் சாயத்தையும் கட்டிப்போடாது. அந்த ஒரு முறை தண்ணீரில் இறங்குவது குறைந்தாற்போலத் தெரியலாம், அடுத்த முறை மறுபடி இறங்கும்.

உங்கள் புடவையைத் தண்ணீரில் போடக்கூடாது என்று சொல்ல எனக்கு உப்பைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அரக்கு பார்டரும் கிளிப்பச்சை உடலும் கோர்வையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. அரக்கிலிருந்து ஒரு துளி சாயம் இறங்கினாலும், கோர்வை ஓரமாகப் பச்சையில் ஒரு பழுப்புக் கோடு விழும். அதை யாராலும் எடுக்க முடியாது. சந்தேகம் இருந்தால் இடுப்பில் செருகும் உள்முனையில், அரக்குப் பகுதிமேல், தண்ணீரில் நனைத்துப் பிழிந்த வெள்ளைப் பஞ்சை இரண்டு நிமிடம் அழுத்திவைத்துப் பாருங்கள். பஞ்சில் இளஞ்சிவப்பு தெரிந்தாலே போதும், அந்தப் புடவைக்கும் வாளிக்கும் உறவு வேண்டாம்.

கடையில் சொல்லவேண்டியது

ஆக, காஞ்சிபுரம் டிரை கிளீனிங்குக்குத்தான் போகவேண்டும். ஆனால் நீட்டிவிட்டு ரசீதோடு திரும்பினால் பாதி வேலைதான் நடக்கும். பல வீடுகளில் நடப்பது இது: எண்ணெய் கண்ணுக்குத் தெரியும், கடைக்காரர் கவனிப்பார். சென்ட் பட்ட இடம் வெளிறிய கோடாக இருக்கும், யாரும் கவனிக்கமாட்டார்கள். மெஷினில் எண்ணெய் போய்விடும். பிறகு ரோல் பிரஸ்ஸில் சூடு ஏறும்போது, அதுவரை கண்ணுக்குத் தெரியாமல் இருந்த வியர்வையும் சென்ட்டின் எச்சமும் பழுப்பாக வெளியே வரும். 'கொடுக்கும்போது இல்லாத கறை வந்திருக்கிறது' என்று சண்டை நடக்கும். கறை கொடுக்கும்போதே இருந்தது, தெரியவில்லை.

அதனால் இரண்டு இடத்தையும் வெள்ளை நூலால் பெரிய தையல் போட்டு வட்டமிட்டுக்கொண்டு போங்கள். ஊசி மெல்லியதாக இருக்கட்டும், ஜரிகையில் குத்தவேண்டாம். கொசுவத்தில் இருப்பது நல்லெண்ணெய், எத்தனை நாள் ஆனது, பவுடர் மட்டும் போட்டது. தோளில் இருப்பது சென்ட், தண்ணீரால் துடைத்தது. இதை அப்படியே சொல்லுங்கள். தண்ணீரால் துடைத்ததை மறைக்காதீர்கள், அவர் தேர்ந்தெடுக்கும் முறையே அதனால் மாறும். ஸ்பாட்டிங், அதாவது கறை உள்ள இடத்தை மட்டும் தனியாகக் கையால் எடுக்கும் வேலையைச் செய்கிறவர், முதலில் கரைப்பானால் எண்ணெய்ப் பக்கத்தை முடித்து, அது உலர்ந்த பிறகுதான் தோளில் தண்ணீர்ப் பக்க மருந்தைத் தொடவேண்டும். அடியில் உறிஞ்சும் துணி வைத்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்து, காற்றடித்து ஓரத்தைக் கலைத்தபடி உலர்த்துவார். வட்டம் விழாமல் எடுப்பதன் சூட்சுமம் அந்தக் கடைசிக் காற்றில்தான் இருக்கிறது. வீட்டில் நம்மால் செய்யமுடியாததும் அதுதான்.

கடையைத் தேர்ந்தெடுக்க இரண்டு கேள்வி போதும். ஸ்பாட்டிங் இங்கேயே செய்கிறீர்களா, வெளியே அனுப்புகிறீர்களா? கறை போனதைப் பார்த்த பிறகுதான் பிரஸ் போடுவீர்களா? இரண்டாவதற்குத் தயங்கினால் வேறு கடை பாருங்கள். இந்த முறை 'பாலிஷ்' வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். விறைப்புக்காக ஏற்றும் பசை மிச்சக் கறையை மூடி, அடுத்த முறை வட்டம் விழுவதற்கு வழிசெய்யும்.

ரசீதில் புடவையின் மதிப்பு, இரண்டு கறையின் இடம், 'பார்டர் சாயம் ஓடக்கூடியது' ஆகிய மூன்றையும் எழுதி வாங்குங்கள். கொடுக்கும் முன் முந்தி, பார்டர், கறை ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். 'சேதத்துக்குப் பொறுப்பில்லை' என்று ரசீதில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பலர் பேசாமல் வந்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரி உங்கள் வழியை அடைத்துவிடாது. கவனக்குறைவால் சேதம் என்றால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பேசிப் பார்க்கலாம். ஆனால் பழைய சென்ட் வட்டம் போகவில்லை என்பது கவனக்குறைவு ஆகாது. பார்டர் சாயம் உடலில் ஏறியதும், பிரஸ் சூட்டில் ஜரிகை கருகியதும் வேறு விஷயம்.

ஆபீஸ் சாஃப்ட் சில்க்

இவற்றை வீட்டில் துவைக்கலாம். ஆனால் ஒரே நிறமாக இருந்து, பஞ்சுச் சோதனையில் நிறம் இறங்காமல், ஃபால்ஸும் சாயம் விடாமல் இருந்தால் மட்டும். தினசரி சலவைத் தூள் வேண்டாம். அது காரத்தன்மை உள்ளது, அதோடு அதில் பெரும்பாலும் என்சைமும் இருக்கும். முட்டை, பால், ரத்தக் கறையை எடுக்கும் வகை என்சைம் புரதத்தைத்தான் தின்னும். பட்டும் புரதம். சோப்புக் கட்டியும் வேண்டாம், உப்புத் தண்ணீர் வரும் ஊர்களில் அது வெள்ளைப் படலமாகப் பட்டில் ஒட்டி மங்கவைக்கும். பட்டுக்கும் கம்பளிக்கும் என்று விற்கும் திரவ டிடர்ஜென்ட் போதும். பூந்திக்கொட்டைத் தண்ணீர் அடர்ந்த நிறங்களுக்கு நன்றாகவே வேலை செய்யும், வெளிர் நிறத்தில் மட்டும் லேசாக மஞ்சள் ஏற்றும்.

அகலமான டப்பில் 6 லிட்டர் குளிர்ந்த தண்ணீர், அதில் ஒரு தேக்கரண்டி திரவம். கலக்கிய பிறகுதான் புடவை இறங்கவேண்டும். 3 நிமிடம் மேலும் கீழும் அலசினால் போதும், ஊறவைக்க வேண்டாம். தேய்க்காமல், முறுக்காமல் இரண்டு கையாலும் மொத்தமாகத் தூக்கி, வழவழப்பு போகும்வரை மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். பெரிய வெள்ளைத் துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தினால் தண்ணீர் இறங்கிவிடும். நிழலில் காயவையுங்கள். லேசான ஈரம் இருக்கும்போதே உள்பக்கமாக, பட்டுக்கான சூட்டில் அயர்ன் செய்யுங்கள். காய்ந்த பிறகு தண்ணீர் தெளித்து அயர்ன் செய்தால் ஒவ்வொரு துளியும் ஒரு பொட்டாக நிற்கும்.

இந்தப் புடவைகளில் எண்ணெய் பட்டால், பவுடர் முடிந்ததும் திரவத்தில் ஒரு சொட்டைப் பத்துச் சொட்டுத் தண்ணீரில் கலந்து கறைமேல் விட்டு, விரல்நுனியால் ஒற்றி, இரண்டு நிமிடத்தில் முழுப் புடவையையும் டப்பில் இறக்கிவிடுங்கள். முழுவதும் நனைவதால் வட்டம் விழ இடமில்லை. சென்ட் விழுந்தால் காய்ந்த துணியால் ஒற்றி ஃபேன் காற்றில் உலரவிட்டு, அன்றோ மறுநாளோ இதே போல முழுதாக அலசுங்கள். இனி சென்ட் அடிப்பதாக இருந்தால் புடவை எடுப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே உடம்பில் அடித்து உலரவிடுங்கள்.

காஞ்சிபுரம் கடையிலிருந்து வந்ததும் கவரோடு பீரோவில் வைக்காதீர்கள். பணம் கொடுக்கும் முன் வாசலுக்குக் கொண்டுவந்து, கொசுவத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தும், தோளைச் சாய்த்தும் பாருங்கள். எண்ணெய்ப் பொட்டு இன்னும் ஒளி விட்டால் அங்கேயே திருப்பிக் கொடுத்து இன்னொரு முறை ஸ்பாட்டிங் கேளுங்கள். மண்ணெண்ணெய் போன்ற நெடி வந்தால் கரைப்பான் முழுதாக உலரவில்லை. வீட்டில் காற்றோட்டமான நிழலில் ஒரு நாள் விரித்துப்போட்டு, நெடி போனதும் வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.